படிக்கட்டுக் கீழ்வாசலைத் திறந்துவிடச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பல வருடமாக மனு எழுதித் தருகிறேன். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று வருவதுதான் அதிகம். நடுவே வாடகைக்கு இருப்பவர்களும் வருவார்கள். அவர்களில் சிலருக்கு ஒரே சிக்கல்: படிக்கட்டின் கீழ்வாசலை வீட்டுக்காரர் சாமான் போட்டு அடைத்துவிட்டார், அல்லது பூட்டிவிட்டார். அவர்கள் என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே. பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கதையை வைத்தே சொல்கிறேன். அந்தக் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்து எழுதினேன்.

மேலே ஏறினால் ரோடு. நாங்கள் தினமும் அப்படித்தான் போகிறோம். கீழ்க் கதவு இல்லாவிட்டால் என்ன?

சமவெளி வீடும் மலை வீடும் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. கோயம்புத்தூரில் மாடி வீடு என்றால் வாசல் கீழே. தீப்பிடித்தால் இறங்கி ஓடலாம். இங்கே சரிவை வெட்டிக் கட்டியிருப்பதால் ரோட்டுமட்டத்தில் இருப்பது மேல்மாடி. வாடகைக்கு விடுகிற வீடு பெரும்பாலும் ரோட்டுக்குக் கீழே இருக்கும். அவசரத்தில் அங்கே இருப்பவர் ஏறித்தான் வெளியே வர வேண்டும்.

புகையும் ஏறத்தான் செய்யும். படிக்கட்டு என்பது சுவர் எழுப்பிய கூண்டு, புகைபோக்கி மாதிரி. நடுமாடியில் ஒரு மெத்தை எரிந்தால் போதும், அந்தக் கூண்டின் மேல்பாதி நம் கால் ஏறுவதைவிட வேகமாக நிரம்பிவிடும். கீழ்வீட்டுக்காரர் மேலே போனால் புகைக்குள் போகிறார். கீழே வந்தால் நல்ல காற்று இருக்கும். ஆனால் அங்கே கதவு பூட்டியிருக்கும்.

நான் சொன்ன குடும்பத்தின் வீட்டைப் பாருங்கள். மூன்று தட்டு. மேலே ரோட்டுமட்டத்தில் வீட்டுக்காரர். நடுவில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடும் இரண்டு அறை. அடியில் இவர்கள்: கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பெண், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி. படி மொத்தம் 34. பாட்டி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். கீழ்வாசல் வழியாக என்றால் எட்டே அடி, அப்புறம் தேயிலைத் தோட்ட ஓரமாகப் போகும் ஒற்றையடிப் பாதை. நடு அறையில் தங்க வருகிறவர்களுக்குக் குளிர் தாங்காது. ஹீட்டரைப் போடுவார்கள், சிலர் அடுப்புக்கரியைச் சட்டியில் போட்டு அறைக்குள் வைப்பார்கள். அடைத்த அறையில் கரிப்புகையால் உயிர் போவது மலையில் புதிய செய்தி அல்ல. அந்த அறைகளைத் தாண்டித்தான் இவர்கள் மேலே போக வேண்டும்.

வாயால் நாலு தடவை சொல்லியாச்சு. "பார்க்கலாம்பா" என்கிறார். கடிதம் எழுதினால் மட்டும் நடந்துவிடுமா?

"வழி அடைச்சிருக்குண்ணா" என்று சொன்னால் அவருக்கு அது புகார். எதை எடுப்பது, எங்கே வைப்பது, யார் தூக்குவது என்று அவரேதான் யோசிக்க வேண்டும். யோசிக்கிற வேலையாக இருப்பதால் தள்ளிப்போடுகிறார். கடிதத்தில் அந்த யோசனையை நீங்களே செய்து கொடுத்துவிடலாம். அதுதான் முதல் பயன். நாளும் கையெழுத்தும் உள்ள காகிதம் பின்னால் அதிகாரியிடம் போக உதவும் என்பது அடுத்தபடி. நான் எழுதிக் கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் அதிகாரி வரை போகவே இல்லை.

கரடி வருகிறது என்றுதான் பூட்டியிருக்கிறார். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

தப்பு என்று சொல்லாதீர்கள், அவர் சொல்வது உண்மை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி கதவை உடைத்து உள்ளே வருவதும், எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயில் விளக்கு எண்ணெயைக்கூட விடாது. அந்தப் பயத்தைக் கிண்டலாக எழுதினால் கடிதம் அங்கேயே செத்தது.

ஆனால் கரடியைத் தடுக்கப் பூட்டு வேண்டியதில்லை, கதவு உறுதியாக இருந்தால் போதும். அந்த வீட்டில் வெளிப்பக்கம் நாதாங்கியில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்; சாவி மேல்வீட்டு ஆணியில் தொங்கும். வெளியே இருக்கிற கரடியை அந்தப் பூட்டு தடுக்கும், சரி. உள்ளே இருக்கிற மனுஷனையும் சேர்த்தல்லவா தடுக்கிறது. அதற்குப் பதிலாகக் கதவின் உள்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கனமான இரும்புத் தாழ்ப்பாள். வெளியிலிருந்து கரடிக்கு அதில் பிடி கிடையாது. உள்ளிருந்து கையால் இழுத்தால் திறந்துவிடும். பழைய பலகைக் கதவாக இருந்தால் வெளிப்பக்கம் தகரம் அடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் சீசன் சமையலுக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெய் டின் இரண்டு இருந்தது. கரடியை அழைப்பதே அந்த வாசனைதான். வழியைக் காலி செய்தால் கரடி வரும் காரணமும் குறையும் என்று ஒரு வரி சேர்த்தேன். வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சிரித்தாராம்.

என்னென்ன குறித்துக்கொண்டு வர வேண்டும்?

டேப்பை எடுத்து மூன்று அளவு பாருங்கள்: கதவின் முழு அகலம், சாமான் போக மிஞ்சும் அகலம், கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது. அந்த வீட்டில் கதவு 36 அங்குலம். பதினொரு ஃபோம் மெத்தை சுவரோடு சாய்த்து வைத்திருந்ததால் மிஞ்சியது 14 அங்குலம். "மிகவும் குறுகலாக உள்ளது" என்று எழுதினால் வாதத்துக்கு இடம் உண்டு. 36-ல் 14 என்றால் வாதமில்லை. டேப் படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பொருள்களை எண்ணிப் பட்டியல் போடுங்கள். அதில் எது வெறும் தடை, எது ஆபத்து என்று பிரியுங்கள். பழைய கட்டில் தடை மட்டும்தான். ஃபோம் மெத்தை எரிந்தால் கறுப்பாக, நச்சாகப் புகையும். கேஸ் சிலிண்டர் இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்ந்த இடம் தேடி இறங்கும். படிக்கட்டின் அடி என்பது அந்தக் கட்டடத்திலேயே தாழ்ந்த இடம். இங்கே ஒரு ஸ்டெப்பினி சிலிண்டர் அங்கேதான் நின்றது, பக்கத்திலேயே மீட்டர் பெட்டி.

மழைக்காலமாக இருந்தால் கதவையே ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். மலையில் மரக்கதவு ஈரம் குடித்து ஊறும், நிலையில் இறுகிக்கொள்ளும். சாமானை எல்லாம் எடுத்த பிறகும் கதவு நகராத வீடு உண்டு. தச்சரை அழைத்து ஓரம் இழைக்கச் சொல்ல வேண்டும். அதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையிலிருந்து கீழ்வாசல் வரை நடந்து பாருங்கள். இந்த வீட்டுப் பெண் தன் செல்போனில் நேரம் பார்த்தாள். மேலே போய்ச் சாவி வாங்கி, வெளியே சுற்றி இறங்கி வந்து பூட்டைத் திறக்க ஆறு நிமிடம். அதில் வீட்டுக்கார அம்மா எழுந்து வந்து கதவைத் திறந்த நேரமும் அடக்கம்.

கடிதத்தை அப்படியே காட்டுங்களேன்.

பெயர், முகவரியை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

> அனுப்புநர்: (பெயர்), கீழ்வீடு, (கதவு எண், தெரு), குன்னூர்.
>
> பெறுநர்: (வீட்டு உரிமையாளர் பெயர்), மேல்வீடு, (அதே முகவரி).
>
> நாள்: (தேதி)
>
> பொருள்: படிக்கட்டுக் கீழ்வாசலைக் காலி செய்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி செய்து தரக் கோருதல்.
>
> ஐயா, வணக்கம்.
>
> தங்கள் வீட்டின் கீழ்த்தட்டில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். தண்ணீருக்கோ கரண்டுக்கோ இதுவரை எங்களுக்குக் குறை வைத்ததில்லை.
>
> சீசன் முடிந்ததிலிருந்து கீழ்வாசல் உள்பக்கம் ஒரு கேஸ் சிலிண்டர், 11 மெத்தை, ஒரு இரும்புக் கட்டில், 2 எண்ணெய் டின் ஆகியவை உள்ளன. 36 அங்குல வழியில் 14 அங்குலம்தான் மிஞ்சுகிறது. கதவு வெளியில் சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டுள்ளது. சாவி மேல்வீட்டில் உள்ளது. நடுத்தட்டிலோ படிக்கட்டிலோ தீயோ புகையோ ஏற்பட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. என் தாயாரால் 34 படியை ஒரே மூச்சில் ஏற முடியாது.
>
> கரடி வருவதால்தான் பூட்டியிருக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அந்தப் பயம் உண்டு. ஆகவே கேட்டுக்கொள்வது:
>
> முதலாவதாக, இக்கடிதம் கிடைத்த மூன்று நாளுக்குள் சங்கிலியையும் பூட்டையும் எடுத்துவிட்டு, உள்பக்கம் மேலும் கீழும் இரும்புத் தாழ்ப்பாள் போட்டுத் தரவும். சிலிண்டரையும் அதே நாளில் அங்கிருந்து எடுத்துவிடவும்.
>
> இரண்டாவதாக, பதினைந்து நாளுக்குள் மற்றப் பொருள்களை எடுத்து, கதவின் முழு அகலமும் படியின் முழு அகலமும் காலியாக இருக்கும்படி செய்யவும். மெத்தைகளை நடுத்தட்டில் பூட்டியிருக்கும் சின்ன அறையில் வைக்க இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் என் தம்பியும் தூக்கித் தருகிறோம். எண்ணெய் டின் அங்கிருந்து போனால் கரடி அந்தப் பக்கம் வருவதும் குறையும்.
>
> மூன்றாவதாக, கதவு மழையில் ஊறி இறுகியுள்ளது. தச்சரை வைத்து இழைத்துத் தரவும்.
>
> படம் இணைத்துள்ளேன். தாங்கள் எப்போது வரச் சொன்னாலும் நேரில் வந்து பேசத் தயாராக இருக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

கெடு இரண்டாக இருப்பதைக் கவனியுங்கள். தாழ்ப்பாள் போடுவது ஒரு மணி நேர வேலை, அதற்குப் பதினைந்து நாள் தர வேண்டியதில்லை. மெத்தை தூக்குவதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும். மூன்று நாள் என்றால் அவருக்குக் கோபம் வரும். எல்லாவற்றையும் ஒரே கெடுவில் கட்டினால் கஷ்டமான வேலையைக் காட்டி எளிய வேலையும் தள்ளிப்போகும்.

சட்டப் பிரிவு, எண் எல்லாம் போட்டால் பயப்படுவாரே?

முதல் கடிதத்தில் வேண்டாம். பக்கத்து மாடியில் இருப்பவருக்குப் பிரிவு எண் போட்டு எழுதினால் அவர் வக்கீலைத் தேடுவார், மெத்தையைத் தேட மாட்டார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். 2016ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தீப் பாதுகாப்புக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. வெளியேறும் வழியில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது, வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த இரண்டும்தான் உங்கள் கோரிக்கை. அதே தொகுப்பில் வெளியேறும் கதவுக்கு ஒரு மீட்டர் அகலம் என்றும் உண்டு. அதைக் கேட்காதீர்கள். நம் ஊர்ப் பழைய வீட்டில் 36 அங்குலக் கதவு என்பதே பெரிது. ஒரு மீட்டர் என்று ஆரம்பித்தால் சுவரை இடிக்கிற பேச்சாகிவிடும், இருக்கிற கதவும் திறக்காது.

சாமானில் பாதி எங்களுடையது. இப்போது எப்படிக் கேட்பது?

முதலில் உங்கள் சைக்கிளையும் விறகுக் கட்டையும் எடுங்கள். எடுத்த நாளைக் கடிதத்தில் எழுதுங்கள்.

நாங்களே பூட்டை உடைத்து, மெத்தையை வெளியே போட்டுவிடலாமா?

புகை வந்தால் உடையுங்கள். அப்போது யாரும் கேட்க மாட்டார்கள். சாதாரண நாளில் வேண்டாம். மெத்தை மழையில் நனைந்தால் பேச்சு வழியிலிருந்து விலகி நஷ்டஈட்டுக்குப் போய்விடும். போலீசில் அவர் முதலில் புகார் கொடுத்துவிட்டால் நீங்கள் பதில் சொல்கிற இடத்தில் நிற்பீர்கள்.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை ஒரு மாற்றுச் சாவி கேட்டு வாங்கிக் கதவுக்கு அருகே மாட்டி வையுங்கள். பூட்டு வெளிப்பக்கம் என்றால் சாவியால் பயனில்லை. அப்படியானால் பூட்டை உள்பக்கம் மாற்றவாவது சொல்லுங்கள். இது தற்காலிகம்தான். இருட்டில் சாவி விழுந்தால் தேட முடியாது.

கையில் கொடுத்தால் போதுமா, தபாலில் அனுப்ப வேண்டுமா? வாட்ஸ்அப்பில் போட்டால்?

மேல்மாடியில் இருப்பவருக்குத் தபால் அனுப்பினால் அவமானமாக எடுத்துக்கொள்வார். கையில் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், அன்றைக்கே போட்டோ எடுத்து "ஐயா, காலையில் கொடுத்த கடிதம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அவர் பதிலுக்குக் கட்டைவிரல் போட்டால்கூட அது சாட்சி.

வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் தபால்தான். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட், அதோடு பதிவும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசீதைக் கடிதப் பிரதியோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாள் ஆகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது கடிதம் ஐந்தே வரி: முதல் கடிதத்தின் தேதி, எது நடந்தது, எது நடக்கவில்லை, இன்னும் ஏழு நாள். விதித்தொகுப்பைப் பற்றி இதில் ஒரு வரி எழுதலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரில் நிலையம் இருக்கிறது. இரண்டு கடிதத்தின் பிரதியையும் டேப் வைத்த படத்தையும் சேர்த்து, வந்து பார்த்துச் சொல்லும்படி மனு கொடுங்கள். என் அனுபவத்தில் சீருடைக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நடுத்தட்டை அறையாக வாடகைக்கு விடுகிறவர் என்றால் இன்னும் சீக்கிரம் முடியும். தங்க வருகிறவர்களுக்கும் அதே படிக்கட்டுதானே.

கட்டடம் சம்பந்தமான புகார் நகராட்சிக்கு. வெலிங்டன் பக்கம் இருப்பவர்கள் நகராட்சிக்குப் போய்த் திரும்புகிறார்கள். கன்டோன்மென்ட் எல்லைக்குள் வீடு இருந்தால் கன்டோன்மென்ட் போர்டுக்குத்தான் போக வேண்டும். திங்கள்கிழமை ஊட்டியில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம், அது கீழேதான் அனுப்பப்படும்.

வாடகை உறவு சம்பந்தமான வழி தனி. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை அதிகாரி என்று துணை ஆட்சியர் நிலையில் ஒருவர் இருக்கிறார். பராமரிப்புப் பொறுப்பை வீட்டுக்காரர் செய்யாவிட்டால் அவரிடம் போகலாம்.

எங்களுக்கு எழுத்தில் அக்ரிமென்டே இல்லை.

அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும், tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்யலாம். அது இல்லாமல் வாடகை அதிகாரியிடம் போனால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். தீயணைப்புக்கும் நகராட்சிக்கும் ஒப்பந்தம் தேவையில்லை. ஆபத்தான படிக்கட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

"பிடிக்கலைன்னா காலி பண்ணு" என்றால்?

கோபத்தில் சொல்வார்கள். வாயால் சொன்னால் காலி செய்ய வேண்டியதில்லை. உங்களை வெளியேற்ற வேண்டுமானால் சட்டத்தில் சொன்ன காரணம் வேண்டும், உத்தரவும் வேண்டும். ஆனால் நீங்கள் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வழியைத் திறக்கும்வரை வாடகை தர மாட்டேன் என்று ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் எழுதினார். இரண்டு மாதத்தில் வீட்டுக்காரருக்கு அந்தக் காரணம் கிடைத்துவிட்டது. வாடகையை அதே தேதியில், கணக்கில் தெரியும்படி போடுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று?

சிலிண்டர் அன்றைக்கே போய்விட்டது. நாலாம் நாள் தாழ்ப்பாள் வந்தது, ஒன்றுதான், மேல்பக்கம் மட்டும். பாட்டிக்குக் கை எட்டவில்லை. மறுபடி சொல்லிக் கீழேயும் போட வைத்தார்கள். மெத்தைக்குத்தான் மூன்று ஞாயிறு ஆனது. ஏப்ரலில் சீசன் ஆரம்பித்ததும் அதே இடத்தில் தண்ணீர் கேன் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெண் மாதம் முதல் தேதி வாடகை போடும்போது டேப்போடு கீழே போய் அளந்து பார்க்கிறாள். 36 இல்லை என்றால் அப்பாவுக்கு முன்னால் அவளே மேல்வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறாள்.